பிணை நின்ற கடனிலிருந்து பெயரை எடுப்பது

மலையகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்த பிள்ளையின் வீட்டுக்கு முதல் சம்பளம் வந்த மாதமே ஒருவராவது சம்பளச் சிட்டையைக் கேட்டு வருவார். "டீச்சர், ஒரு கையெழுத்துத்தான். நான் ஒழுங்காகக் கட்டிவிடுவேன்" என்பார். கேட்பவர் பெரும்பாலும் தெரிந்த குடும்பம், ஒரே தோட்டம், ஒரே கோயில் திருவிழா. மறுப்பது கடினம். அந்தக் கையெழுத்தை வைத்து மூன்று வருடம் கழித்து டீச்சருக்கு வாழ்க்கை வேறு பக்கம் திரும்பும்போதுதான் கேள்வி வருகிறது: கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, என் பெயரை மட்டும் எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது, எந்த வழியில் போனால் பெயர் உண்மையில் நீங்கும் என்பதை, ஹட்டன் பக்கத்து ஆசிரியை ஒருவரின் விடயத்தை வைத்தே சொல்கிறேன். அவரைத் தெரிந்துகொள்ள உதவும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஊர்ப்புறங்களில் கடன் கேட்டுப் போகிறவர் காணி உறுதியை மேசையில் வைப்பார். தோட்டத்தில் அது பெரும்பாலும் நடக்காது. தேயிலைக் காணி அரசினுடையது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. லயத்து அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்திடம்கூட அந்த அறையை ஈடு வைப்பதற்கு ஓர் உறுதி இருக்காது. 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியோடு வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வங்கி ஏற்கும் தெளிவான உறுதி எல்லோர் கையிலும் இல்லை. ஆகவே காணியின் இடத்தில் மனிதரை நிறுத்துகிறார்கள். மாதச் சம்பளம் நிச்சயமாக வரும் ஆசிரியர், தபால் ஊழியர், ஆஸ்பத்திரி ஊழியர், தோட்டத்து உத்தியோகத்தர் ஆகியோரின் சம்பளம்தான் இங்கே ஈடு. இதைப் புரிந்துகொண்டால் வங்கி ஏன் எளிதில் விடுவதில்லை என்பதும் புரியும். ஈடு வைத்த வீட்டை மீட்காமல் உறுதியைத் திருப்பிக் கேட்டால் எந்த வங்கியும் கொடுக்காது. பிணையாளர் "என்னை விடுங்கள்" என்று கேட்பதும் வங்கியின் கண்ணில் அதே கோரிக்கைதான்.

நான் சொல்லும் ஆசிரியை, பக்கத்து டிவிசனைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்குப் பிணை நின்றார். அவன் தலவாக்கலைப் பக்கம் சில்லறைக் கடை போட 15 இலட்சம் ரூபாய் எடுத்தான். வருடத்துக்கு 15 சதவீத வட்டி, 60 மாதத் தவணை. மாதம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 35,685 ரூபாய். பிணையாளர் இருவர்: இந்த ஆசிரியையும், பிரதேச சபையில் வேலை செய்யும் ஒருவரும். 26 தவணை ஒழுங்காகக் கட்டப்பட்ட நிலையில் ஆசிரியைக்கு வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக 2022 ஜூனில் வந்த 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் வழி திறந்திருந்தது. பொருளாதார நெருக்கடி கழுத்தை நெரித்த அந்த நாட்களில் மலையகப் பாடசாலைகளிலும் அது ஓய்வறைப் பேச்சாக இருந்தது.

வங்கிக்குப் போனார். "நான் வெளிநாடு போகிறேன் சேர், என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னார். கடன் பிரிவு உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "டீச்சர், கடன் முடியும்வரை உங்கள் கையெழுத்து இருக்கும்."

அவர் சொன்னது பத்திரத்தில் இருப்பதைத்தான். பிணைமுறி என்பது பிணையாளருக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். கடனாளி அதில் ஒரு தரப்பு அல்ல. ஒரு தரப்புக்கு வேலை மாறியது, சம்பளம் நின்றது, கடனாளியோடு மனக்கசப்பு வந்தது என்பதற்காக ஒப்பந்தம் தானாக முடியாது. மற்றத் தரப்பான வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். பிணையாளர் இறந்தால்கூட அவருடைய சொத்துக்கு அந்தப் பொறுப்பு போகும் என்று முறிகளில் வழக்கமாக எழுதியிருக்கும்.

இலங்கையில் பிணை பற்றிய சட்டத்துக்கு அடிப்படை உரோம டச்சுச் சட்டம். அது பிணையாளருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. முதலில் கடனாளியிடம் கேட்டு, அங்கே கிடைக்காததற்குத்தான் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை ஒன்று. இரண்டு பிணையாளர் இருந்தால் என் பங்கை மட்டும் என்னிடம் கேள் என்று சொல்லும் உரிமை இன்னொன்று. ஆனால் வங்கிகளின் அச்சடித்த பிணைமுறியில் இந்த இரண்டு உரிமைகளையும் பிணையாளர் கைவிடுகிறார் என்ற வரி வழக்கமாக இருக்கும். அது இலத்தீன் சொற்களோடு ஆங்கிலத்தில் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம்? அந்த ஆசிரியை வாசிக்கவில்லை. "இரண்டு பேர் நிற்பதால் எனக்குப் பாதிதானே" என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். முறியின் பிரதியைக் கேட்டு வாங்கி, தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டியபோதுதான் நிலுவை முழுவதற்கும் தான் பொறுப்பு என்று தெரிந்தது.

ஆகவே வங்கியில் பேசுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை அந்தப் பிரதியை எடுப்பது. அதில் மூன்று விடயங்களைத் தேட வேண்டும். ஒன்று, பிணை இந்த ஒரு கடனுக்கு மட்டுமா, அல்லது கடனாளி இனி எடுக்கும் கடன்களுக்கும் தொடர்ந்து நிற்கும் பிணையா என்பது. தொடர்பிணை என்றால் எழுத்தில் அறிவித்து, இனிமேல் கொடுக்கப்படும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று நிறுத்த முடியும். வியாபாரிகளின் மேலதிகப் பற்றுக் கணக்குகளுக்குக் கேட்பது பெரும்பாலும் இந்த வகை. அறிவித்த நாளில் ஏற்கெனவே இருந்த நிலுவை மட்டும் தலையில் இருக்கும். ஆசிரியையின் பிணை தவணைக் கடனுக்கானது. முழுப் பணமும் முதல் நாளே கொடுக்கப்பட்டுவிட்டதால் அறிவித்தலால் நிறுத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. இரண்டாவது, ஒரு பிணையாளரை விடுவித்தால் மற்றவரின் பொறுப்பு என்னவாகும் என்ற வரி. மூன்றாவது, முகவரியோ வேலையோ மாறினால் அறிவிக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்பது.

அடுத்தது கிரிப் அறிக்கை. கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதை எல்லோரும் கிரிப் என்றே சொல்கிறோம். ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே வாங்கலாம். அதில் சொந்தக் கடன்கள் மட்டுமல்ல, பிணையாக நிற்கும் கடன்களும் வரும். நிலுவை எவ்வளவு, தவணை பிந்தியிருக்கிறதா என்பதும் தெரியும். கடனாளி வாயால் சொல்வதைவிட இந்தத் தாளை நம்பலாம். ஆசிரியையின் அறிக்கையில் ஒரு புதினம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சக ஆசிரியருக்கு வைத்த கையெழுத்தும் அதில் உயிரோடு இருந்தது. அந்தக் கடன் முடிந்துவிட்டது என்றே இவர் எண்ணியிருந்தார். விசாரித்ததில் கடைசி இரண்டு தவணை பாக்கி. அதை அந்த ஆசிரியர் உடனே கட்டி முடித்தார். கடைக்காரப் பையனின் கடனில் பிந்தல் எதுவும் இல்லை. அது பெரிய ஆறுதல். ஏனென்றால் தவணை பிந்திய கடனில் பிணையாளரை மாற்ற வங்கி அநேகமாகச் சம்மதிக்காது. பாக்கியைக் கட்டிக் கணக்கை நேராக்கிய பிறகுதான் பேச்சே தொடங்கும். பெயரை எடுக்கும் எண்ணம் இருப்பவர், கடன் நன்றாக ஓடும்போதே அசைய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பலர் கடனாளி கட்டாமல் விட்ட பிறகே வங்கிக்கு ஓடுகிறார்கள். அப்போது வங்கிக்கு அவர்கள் மிகவும் தேவைப்படும் ஆட்கள்.

பாக்கிக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 26 தவணை கட்டியாகிவிட்டது, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவான காலம். கட்டிய தொகையைக் கூட்டினால் 9 இலட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல் வரும். ஆனால் முதல் வருடங்களில் தவணையின் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போவதால் நிலுவை இன்னும் ஏறத்தாழ 9 இலட்சத்து 83,500 ரூபாய். பாதி முடிந்திருக்கும் என்று எண்ணியிருந்த பையனும் ஆசிரியையும் இந்த எண்ணைப் பார்த்துத் திகைத்தார்கள். பேச்சு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இரண்டாம் முறை வங்கிக்குப் போனபோது ஆசிரியை தனியாகப் போகவில்லை. கடனாளியையும் கூட்டிக்கொண்டு போனார். இது முக்கியம். கடன் கணக்கு கடனாளியினுடையது. அதில் மாற்றம் வேண்டும் என்ற விண்ணப்பம் அவரிடமிருந்து வரவேண்டும் என்றே வங்கி எதிர்பார்க்கும். பிணையாளர் மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் போய் உறங்கும். பையனுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "அக்கா, நான் ஒரு மாசம்கூடப் பிந்தவில்லையே, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான். "நம்பிக்கை இருக்கிறது தம்பி. நான் இங்கே இல்லாத நேரத்தில் உனக்கு ஓர் ஆபத்து என்றால் என் சம்பளமும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன். அப்போது உன் கடைக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை" என்று அவர் விளக்கினார்.

அந்தப் பதிலில்தான் திறவுகோல் இருந்தது. பெயரை எடுக்க விரும்பும் பிணையாளர் பெரும்பாலும் தன் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்கிறார். வங்கியின் கடன் குழு பார்ப்பது தன் ஈட்டின் பெறுமதியை. சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியை வங்கிக்கு மிகப் பலவீனமான ஈடு. சம்பளம் இல்லை, ஆளைப் பிடிப்பதும் கடினம். அவருக்குப் பதிலாக நாட்டில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் கிடைத்தால் வங்கியின் நிலை முன்பைவிட உறுதியாகும். ஓய்வுபெறப் போகிறவருக்கும் இதுவே பொருந்தும். கடன் முடியும் முன்னரே 60 வயதைத் தொடும் பிணையாளரை, வயது குறைந்த ஒருவரால் மாற்றுவது வங்கிக்கும் நல்லது. உங்களை வெளியே தள்ளும் அதே மாற்றம் வங்கியையும் உங்களை மாற்ற விரும்ப வைக்கலாம். அதைப் புறப்படுவதற்கு முன்பே, மாற்று ஆளையும் கையோடு கொண்டுபோய்ச் சொன்னால்தான் பலன்.

ஆசிரியையும் பையனும் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தின் முக்கியப் பகுதி இது: "மேற்படி கடனுக்கு முதலாம் பிணையாளராக நிற்பவர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லவிருப்பதால், அவருடைய இடத்துக்குக் கீழே பெயர் குறிப்பிடப்பட்டவரைப் பிணையாளராக ஏற்று, முதலாம் பிணையாளரை அவருடைய பிணைமுறியின் கீழான எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவித்து, அதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு வேண்டுகிறோம்."

"அவருடைய இடத்துக்கு", "விடுவித்து", "எழுத்தில்" என்ற மூன்று சொற்களும் அங்கே வீணாக இல்லை. இந்த விடயத்தில் நான் கண்ட மிக மோசமான தவறு, புதிய பிணையாளர் வந்து கையெழுத்து வைத்ததும் பழையவர் விடுபட்டுவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வது. பழைய முறியை இரத்துச் செய்யாமல் புதிய முறியை மட்டும் எடுத்தால் அந்தக் கடனுக்கு இப்போது மூன்று பிணையாளர். பழையவர் எங்கும் போகவில்லை. அது பல வருடம் கழித்து, கடன் பழுதானபோது வரும் கடிதத்தில்தான் தெரியவரும்.

புதிய ஆளைத் தேடுவது எளிதாக இருக்கவில்லை. முதலில் பேசியவர் தோட்டத்து உத்தியோகத்தர். ஏற்கெனவே மூன்று பேருக்குப் பிணை நின்றவர். அவருடைய கிரிப் அறிக்கையைப் பார்த்ததும் வங்கி மறுத்துவிட்டது. மாற்றுப் பிணையாளரை வங்கி புதுக் கடனுக்கு வருபவரைப் போலவே அளக்கும்: தேசிய அடையாள அட்டை, அண்மைய சம்பளச் சிட்டைகள், வேலை நிரந்தரமானது என்று திணைக்களம் தரும் கடிதம், முகவரிச் சான்று. கையில் மிஞ்சும் சம்பளம், இருக்கும் கடன்கள், நிற்கும் பிணைகள் எல்லாம் கணக்கில் வரும். அன்று கடன் கொடுத்தபோது இருந்த அளவுகோல் இன்று கடுமையாகியிருக்கலாம் என்பதையும் எதிர்பார்த்துப் போக வேண்டும். இரண்டாவதாகக் கிடைத்தவர் பையனின் மைத்துனர். தாதி உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களான, கடன் இல்லாத ஒருவர். ஆனால் அவருடைய சம்பளம் இவ்வளவு நிலுவைக்குப் போதாது என்று கிளை சொன்னது.

இங்கே பையன் ஒரு நல்ல வேலை செய்தான். அவனுக்கு அந்த மாதம் கடைத்தெருச் சீட்டு விழுந்திருந்தது. அதிலிருந்து 3 இலட்சத்தைக் கடனின் மூலத்தொகைக்குக் கட்டினான். நிலுவை 6 இலட்சத்து 83,500 ஆனது. தவணைத் தொகையை மாற்றாமல் வைத்திருந்ததால் மிச்சமிருந்த 34 மாதங்கள் 22 ஆகக் குறைந்தன. இந்தக் குறைந்த தொகைக்கும் குறைந்த காலத்துக்கும் மைத்துனரின் சம்பளம் போதுமானதாக இருந்தது. முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி கட்டணம் எடுக்குமா என்பதையும், கட்டும் பணம் மூலத்தொகையில் கழிகிறதா, அல்லது வரும் தவணைகளுக்கு முற்பணமாக நிற்கிறதா என்பதையும் கேட்டு உறுதிசெய்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். முற்பணமாக நின்றால் மூலத்தொகை உடனே இறங்காது, பிணையாளர் விடயத்துக்கும் அதனால் உதவி இல்லை. மாற்று ஆள் கிடைக்காதவர்களுக்கும் இது ஒரு வழி: நிலுவையை ஒரு பிணையாளர் போதும் என்று வங்கி ஒப்பும் அளவுக்கு இறக்குவது. நிலையான வைப்பு ஒன்றை ஆளுக்குப் பதிலாக ஈடு வைப்பது இன்னொரு வழி. வீட்டுக் கடனாக இருந்தால் ஊழியர் சேமலாப நிதியில் இருக்கும் மீதியைப் பிணையாகக் காட்டும் ஏற்பாடும் தொழில் திணைக்களத்தின் ஊடாக இருக்கிறது. தோட்டத்திலோ கம்பனியிலோ வேலை செய்யும் பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு வந்தது யாரும் எதிர்பாராத தடை. பிரதேச சபை ஊழியர், அதாவது மற்றப் பிணையாளர், கையெழுத்து வைக்க மறுத்தார். அவர் ஏன் வைக்கவேண்டும் என்று ஆசிரியையும் முதலில் கேட்டார். காரணம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து சுமை தூக்கும்போது ஒருவரை மட்டும் விலக்கினால் மற்றவருக்கு அநீதி நேரலாம். ஒருவர் முழுவதையும் கட்ட நேர்ந்தால், சக பிணையாளரிடம் அவருடைய பங்கைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்தச் சக பிணையாளரை வங்கி தன்னிச்சையாக விடுவித்துவிட்டால், "என் சம்மதமில்லாமல் செய்தீர்கள், அந்த அளவுக்கு என் பொறுப்பும் குறைந்தது" என்று மிஞ்சியவர் பின்னால் வாதாடலாம். விடுவித்தாலும் மற்றவரின் பொறுப்பு குறையாது என்று முறியில் வரி இருந்தாலும், கவனமான வங்கி அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கியே தீரும்.

பிரதேச சபை ஊழியரின் பயம் நியாயமானது. "டீச்சர் போய்விட்டால் எல்லாம் என் தலையில்தானே" என்றார். புதிதாக வருபவர் யார், அவருடைய சம்பளம் என்ன, நிலுவை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மூவரும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து தாள்களைக் காட்டினார்கள். தன் சுமை முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் சம்மதித்தார். என்னைக் கேட்டால், அவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். கடைசியில் போனதால் ஒரு மாதம் வீணானது.

கிளை தன் பரிந்துரையை எழுதிப் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கீகாரம் வர ஐந்து வாரம். வந்ததும் மைத்துனர் புதிய முறியில் கையெழுத்து வைத்தார், மற்றப் பிணையாளர் சம்மதக் கடிதத்தில் வைத்தார், கடனாளி திருத்த ஒப்பந்தத்தில் வைத்தார். அந்தத் திருத்த ஒப்பந்தத்தில் வட்டி வீதம் மாறியிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பையன் வைத்தான். பிணையாளரை மாற்றும் சந்தர்ப்பத்தில் புதிய நிபந்தனைகள் உள்ளே வரக்கூடும். அதைக் கவனிக்க வேண்டியது கடனாளியின் வேலை.

கூட்டுக் கடனாளியின் கதை

இதுவரை சொன்னது பிணையாளருக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த கடனிலிருந்து ஒருவர் பெயரை நீக்குவது இன்னும் கடினம். பிணையாளர் கடனுக்கு வெளியே நின்று தாங்குபவர். கூட்டுக் கடனாளியோ கடனுக்கு உள்ளேயே இருப்பவர். அவருடைய வருமானத்தையும் சேர்த்துத்தான் கடன் தொகையே நிர்ணயிக்கப்பட்டது. ஒருவர் போனால் மிஞ்சுபவரின் வருமானம் மட்டும் நிலுவைக்குப் போதுமா என்று வங்கி புதிதாகப் பார்க்கும். போதுமென்றால் அநேகமாக மிஞ்சுபவரின் பெயரில் புதிய கடன் எழுதிப் பழையதை அடைப்பார்கள். போதாவிட்டால் இன்னொரு வருமானக்காரரையோ பிணையாளரையோ கேட்பார்கள்.

பிரிந்துபோன தம்பதிகள் இங்கே ஏமாறுகிறார்கள். வீட்டுக் கடனைக் கணவனே கட்டவேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் இருந்தாலும், அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு அல்ல. கணவன் கட்டாவிட்டால் வங்கி மனைவியிடமும் கேட்கும். அவருடைய கிரிப் அறிக்கையிலும் பிந்தல் பதியும். காணி இருவர் பெயரிலும் இருந்து ஈடு வைக்கப்பட்டிருந்தால், கடனில் பெயரை எடுப்பதோடு நொத்தாரிசு முன் உறுதியையும் ஈட்டு முறியையும் மாற்றும் வேலையும் உண்டு. வீட்டின் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடனில் பெயரை மட்டும் விட்டுவைப்பது மிகவும் ஆபத்தானது. வீடும் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சிய பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கவேண்டும் என்று சட்டத்தரணியிடம் சொல்லி வைக்க வேண்டும்.

கடனாளி ஒத்துழைக்காதபோது

ஆசிரியைக்குக் கிடைத்தது நல்ல கடனாளி. எல்லோருக்கும் அப்படி அமையாது. கடை மூடிவிட்டு மத்திய கிழக்குக்குப் போனவர், தொலைபேசி எண்ணை மாற்றியவர், "நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்பவர் என்று பலரை நம் ஊர்களில் காணலாம். அப்படிப்பட்ட இடத்தில் பெயரை எடுக்கும் வழி அநேகமாக மூடியிருக்கும். ஆனால் தெரிந்துகொள்ளவேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு.

ஒன்று, கடனாளி மேலதிகக் கடன் கேட்கும் சந்தர்ப்பம். பழைய கடனை அடைத்துப் பெரிய கடனாகப் புதிதாக எழுதும்போது பிணையாளர்கள் மறுபடி கையெழுத்து வைக்கவேண்டும். அப்போது வைக்காமல் விட்டால், பழைய கடன் அடைபட்டதும் உங்கள் பொறுப்பும் முடியும். ஓசையில்லாமல் வெளியே வருவதற்கு இதைவிடச் சுலபமான நேரம் கிடையாது. ஆனால் கட்டமுடியாத கடனை மறுசீரமைப்பது வேறு. அங்கே பழைய கடன் அடைபடுவதில்லை, தவணை மட்டும் நீள்கிறது. கையெழுத்து வைக்க மறுத்தாலும் பழைய முறி உங்களைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். சில சமயம் மறுப்பதால் கடன் முற்றாகப் பழுதாகி, உங்கள் தலையில் விரைவாக விழும். "இது புதுக் கடனா, பழைய கடனின் நீட்டிப்பா?" என்று உத்தியோகத்தரிடம் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவெடுக்கலாம்.

மற்றது, நீங்களே கட்டவேண்டி வந்தால் எப்படிக் கட்டுவது என்பது. கடனாளியின் கணக்கில் அவர் பெயரிலேயே பணத்தைப் போட்டுவிட்டு வந்தால், நாளைக்கு அது நீங்கள் கட்டிய பணம் என்று நிரூபிப்பது கடினம். உங்கள் கணக்கிலிருந்து, பிணையாளராகக் கட்டுகிறேன் என்று எழுதி, உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்கிக் கட்ட வேண்டும். கடனை முழுவதும் நீங்களே அடைத்தால், கடனாளிக்கு எதிராக வங்கிக்கு இருந்த உரிமைகளையும் ஈடுகளையும் உங்களுக்கு மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்கலாம். உரோம டச்சுச் சட்டம் பிணையாளருக்குத் தரும் மூன்றாவது பாதுகாப்பு இதுதான். கட்டிய பணத்தைக் கடனாளியிடமிருந்தும், சக பிணையாளரின் பங்கை அவரிடமிருந்தும் பெற இந்தத் தாள்கள்தான் ஆதாரம். வழக்குக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம்.

வங்கியே நியாயமில்லாமல் நடந்தால், உதாரணமாக முறியின் பிரதியைத் தர மறுத்தால், அல்லது விடுவித்த பிறகும் கிரிப்பில் பெயரை வைத்திருந்தால், முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், தமிழிலும் எழுதலாம். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியில் அவர்களுடைய முத்திரையும் திகதியும் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு எடுபடும்.

ஆசிரியைக்கு விமானம் ஏற இரண்டு வாரம் இருக்கும்போது கிளையிலிருந்து அழைப்பு வந்தது. "எல்லாம் முடிந்துவிட்டது டீச்சர், நீங்கள் போகலாம்" என்றார்கள். அவர் போகவில்லை. விடுவிப்புக் கடிதம் கையில் வேண்டும் என்றார். கடிதத்தில் கடன் இலக்கம், பழைய முறியின் திகதி, விடுவிக்கப்பட்ட திகதி மூன்றும் இருந்தன. பழைய முறியில் இரத்து முத்திரை குத்திய பிரதியையும் கேட்டு வாங்கினார். கிரிப் அறிக்கையில் பெயர் அன்றே மறையவில்லை. வங்கிகள் மாதாமாதம் தகவல் அனுப்புவதால் அதற்குக் கொஞ்சம் காலம் எடுக்கும். அதைப் பார்க்க அவர் நாட்டில் இருக்கமாட்டார். அதனால் விடுவிப்புக் கடிதத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றையும், தன் சார்பில் வங்கியில் பேசுவதற்கு அற்றோணித் தத்துவத்தையும் தங்கையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் எடுத்த அறிக்கையில் பிணை நின்ற கடன்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் படம் எடுத்து, தங்கை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.